"யாருக்கும் தொந்தரவு தராதவர்" என்ற வரியை எடுத்துவிடுங்கள்

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் குவாலிட்டி மேனேஜராக இருக்கிறேன். என் கீழ் ஆறு வருடமாக வேலை பார்க்கும் ஒரு பெண்ணுக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது, பேச்சும் வராது. செக்கிங்கில் சேர்ந்தவர், இப்போது இரண்டு லைனுக்கு இன்லைன் க்யூசி, அதாவது தையல் ஓடும்போதே தரம் பார்ப்பவர். லைன் குவாலிட்டி சூப்பர்வைசர் பதவிக்கு விண்ணப்பித்திருக்கிறார். நேரடி மேலதிகாரியின் பரிந்துரைக் கடிதம் வேண்டும் என்று எச்.ஆர். கேட்கிறது. நான் எழுதிய வரைவையும் அவருடைய ரிப்போர்ட் சிலவற்றையும் இணைத்திருக்கிறேன். காது கேட்காததைக் கடிதத்தில் சொல்லலாமா? சொன்னால் அதுவே பாதகமாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: வணக்கம். உங்கள் வரைவை இரண்டு முறை படித்தேன். அந்தப் பெண்ணின் மேல் உங்களுக்கு இருக்கும் அக்கறை ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது. ஆனால் இதை இப்படியே கொடுத்தால் அவருக்கு அந்தப் பதவி கிடைக்காது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. காது கேட்காததை நீங்கள் எழுதியதில் தவறில்லை. அதை எழுதிய விதத்தில்தான் சிக்கல்.

உங்கள் வரைவில் இருப்பது இது: "காது கேளாத குறை இருந்தும் மனம் தளராமல், யாருக்கும் தொந்தரவு தராமல், எப்போதும் சிரித்த முகத்துடன் வேலை செய்பவர். இவருக்கு ஒரு வாய்ப்பு கொடுத்தால் நன்றியுடன் இருப்பார்."

இதை உங்கள் புரொடக்ஷன் மேனேஜர் படிப்பதாக நினைத்துப் பாருங்கள். நாளை ஷிப்மென்ட். லைன் முழு வேகத்தில் ஓடுகிறது. ஃபிளாட்லாக் மெஷினில் தையல் விட்டு விட்டு வருகிறது. அந்த நேரத்தில் லைனை நிறுத்து என்று சொல்லி, லைன் சூப்பர்வைசரின் முறைப்பைத் தாங்கி நிற்க வேண்டியவர்தான் குவாலிட்டி சூப்பர்வைசர். தேவைப்படும்போது தொந்தரவு தருவதுதான் அந்தப் பதவியின் வேலையே. நீங்களோ அவர் யாருக்கும் தொந்தரவு தரமாட்டார் என்று சான்று கொடுக்கிறீர்கள். நல்ல மனதோடு எழுதிய அந்த வார்த்தை, இந்த வேலைக்கு இவர் சரிப்பட மாட்டார் என்றுதான் அந்த மேனேஜர் காதில் விழும்.

இது எனக்கு அனுபவத்தில் கிடைத்த பாடம். எச்.ஆர். வேலைக்கு வந்த புதிதில், போலியோவால் ஒரு கால் பாதிக்கப்பட்ட ஸ்டோர் உதவியாளர் ஒருவருக்கு ஸ்டோர் இன்சார்ஜ் பதவிக்காக நானே ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். விடாமுயற்சி, தன்னம்பிக்கை, பொறுமை, எல்லாம் அதில் இருந்தது. துணி ரோல் வந்து இறங்கினால் எடை பார்த்து, ஷேடு வாரியாகப் பிரித்து, கட்டிங்குக்குக் கணக்குத் தப்பாமல் அனுப்புவதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்பது மட்டும் இல்லை. நேர்காணல் அறையில் இருந்த ஒரு பெரியவர் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, "பாவம், நல்ல பையன். இப்ப இருக்கற இடத்துலயே பத்திரமா இருக்கட்டுமே" என்றார். அவ்வளவுதான், முடிந்துவிட்டது. இரக்கத்தை நான்தான் எழுதிக் கொடுத்திருந்தேன், அவர்கள் அதையே காரணமாக எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பையனிடம் முடிவைச் சொல்ல வேண்டியவனும் நானே. அன்றிலிருந்து இந்த மாதிரிக் கடிதங்களில் ஒரு குணச் சொல்லைக்கூட ஆதாரம் இல்லாமல் விடுவதில்லை.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். சொல்லலாமா, கூடாதா என்பதை நீங்களும் நானும் முடிவு செய்யக் கூடாது, அவர்தான் முடிவு செய்ய வேண்டும். கம்பெனியில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தானே என்று விட்டுவிடாதீர்கள். எல்லோருக்கும் தெரிவது வேறு, அவருடைய பணிக்கோப்பில் உங்கள் கையெழுத்தோடு பதிவாவது வேறு. அவரை உட்கார வைத்து எழுதிக் கேளுங்கள்: "கடிதத்தில் இதைப் பற்றி எழுதட்டுமா? எழுதினால் எப்படி எழுத வேண்டும்?" அவருடைய அண்ணனையோ அம்மாவையோ போனில் பிடித்துக் கேட்காதீர்கள். ஆறு வருடமாகத் தனியாக வேலைக்கு வந்து போகிறவர் அவர். எந்தச் சொல்லை விரும்புகிறார் என்பதையும் அவரிடமே கேளுங்கள். 'காது கேளாதவர்' என்று எழுதச் சொல்லலாம், 'செவித்திறன் மாற்றுத்திறனாளி' என்று சொல்லலாம். 'குறை இருந்தும்' என்பது மட்டும் எந்த வடிவத்திலும் வேண்டாம்.

வேண்டாம் என்று அவர் சொன்னால் அந்தப் பேச்சையே எடுக்காமல் வேலையை மட்டும் எழுதுங்கள். ஆனால் இந்தப் பதவியைப் பொறுத்தவரை எழுதுவது நல்லது என்று அவரிடம் உங்கள் கருத்தாகச் சொல்லலாம். காரணம் இருக்கிறது. நேர்காணலில் உட்காருபவர்கள் மனதில் மூன்று கேள்விகள் இருக்கும்: மெஷின் சத்தத்தில் டெய்லரிடம் எப்படிப் பேசுவார், பையரின் க்யூசி வந்தால் எப்படிச் சமாளிப்பார், போன் வந்தால் யார் எடுப்பது? வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்படுவார்கள். கேட்காத கேள்விக்கு அவரால் பதில் சொல்ல முடியாது. வெளியே வந்த பிறகு அவர்களுக்குள் பேசி, ஊகத்தில் முடிவு எடுப்பார்கள். அந்தக் கேள்விகளுக்கு, நடந்த வேலையை வைத்துப் பதில் சொல்லக்கூடிய ஒரே காகிதம் உங்கள் கடிதம்தான்.

நீங்கள் அனுப்பிய ரிப்போர்ட்டிலேயே பதில் கிடக்கிறது. குழந்தைகள் டி-ஷர்ட் ஆர்டர், 3,000 பீஸ். காலையில் லைன் ஆரம்பித்த ஒரு மணி நேரத்தில் கழுத்து ரிப் வைக்கும் ஓவர்லாக் மெஷினில் ஏழு பீஸ் எடுத்துப் பார்த்திருக்கிறார். மேலோட்டமாகப் பார்த்தால் தையல் சுத்தமாக இருந்திருக்கும். அவர் ரிப்பை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்ததால், தையலை ஒட்டிப் பொடிப்பொடியாக ஓட்டை தெரிந்திருக்கிறது. முனை தேய்ந்த ஊசி நூலை விலக்கிக்கொண்டு போகாமல் அறுத்துக்கொண்டு போனால் வரும் ஓட்டை இது. அப்போதே பிடிக்காவிட்டால் ஒரு தடவை துவைத்த பிறகுதான் விரியும், அதற்குள் சரக்கு பையரின் கடைக்குப் போயிருக்கும். உடனே மெஷினில் சிவப்பு அட்டை தொங்கவிட்டு நிறுத்தியிருக்கிறார். அதற்கு முன் தைத்த 60 பீஸைத் தனியாக எடுத்து வைத்து, ஊசி மாற்றிய பிறகு மறுபடி ஏழு பீஸ் பார்த்து, அப்புறம்தான் பச்சை அட்டை போட்டிருக்கிறார். இந்த நிகழ்ச்சியில் அவர் ஒரு வார்த்தைகூடப் பேச வேண்டியிருக்கவில்லை. தையல் தளத்தில் காது கேட்பவர்களே அட்டை, அம்பு ஸ்டிக்கர், கையில் இருக்கும் பீஸ் ஆகியவற்றை வைத்துத்தானே வேலை நடத்துகிறோம்? நாற்பது மெஷின் ஓடும் இடத்தில் யார் பேசுவது யாருக்குக் கேட்கிறது?

அந்த ஆர்டரின் கடைசி இன்ஸ்பெக்ஷனும் இப்படித்தான். 3,000 பீஸ் லாட்டுக்கு வழக்கமான ஏக்யூஎல் 2.5 என்ற மாதிரிச் சோதனை அட்டவணைப்படி 125 பீஸ் எடுப்பார்கள், ஏழு பெரிய குறை வரை பாஸ், எட்டு வந்தால் ஃபெயில். உங்கள் ரிப்போர்ட்டில் பெரிய குறை மூன்றுதான். பையரின் க்யூசியோடு மேஜையில் நின்றவரும் அவர்தான் என்று குறிப்பிட்டிருக்கிறீர்கள். அங்கே பேச்சு என்ன பெரிதாக இருக்கப்போகிறது? அப்ரூவ்டு சாம்பிள், அளவுத்தாள், டேப், இந்த மூன்றையும் வைத்து ஒவ்வொரு பீஸாகக் காட்டி எழுதிக்கொள்வதுதான். அன்று ஒரு கறை பெரிய குறையா சிறிய குறையா என்று வாதம் வந்தபோது, பையரின் குறைப் பட்டியலில் அந்த வரியை எடுத்துக் காட்டி, பெரிய குறை என்று வந்ததைச் சிறிய குறையாக மாற்ற வைத்திருக்கிறார். வரைவில் இதை ஒரு வரிகூட நீங்கள் எழுதவில்லை, சிரித்த முகத்தை எழுதியிருக்கிறீர்கள்.

இன்னொரு விஷயத்தை நீங்கள் கவனித்திருப்பீர்கள், ஆனால் கடிதத்தில் தவிர்த்துவிட்டீர்கள். அவருடைய குறிப்புகள் இப்படி இருக்கின்றன: "ரிப் ஓட்டை 3. ஊசி பழசு. மாத்து. பிறகு 7 பார்த்து சரி." நேர்காணலில் எழுதச் சொன்னாலும் இப்படித்தான் எழுதுவார். தெரியாதவர்கள் இதைப் பார்த்துப் படிப்பு போதாது என்று நினைத்துவிடுவார்கள். பிறவியிலிருந்தே கேட்காதவர்களில் பலருக்குச் சைகை மொழிதான் தாய்மொழி மாதிரி, எழுத்துத் தமிழ் இரண்டாவது மொழி. சைகை மொழிக்கென்று தனி இலக்கணம் இருக்கிறது. நம் வேற்றுமை உருபும் வினைமுற்றும் அதில் இந்த வடிவத்தில் கிடையாது. அதனால் எழுதும்போது அவை விட்டுப் போகும். குறிப்பின் பொருளில் எந்தத் தப்பும் இல்லை என்று பாருங்கள்: என்ன குறை, எத்தனை, காரணம் என்ன, என்ன செய்தார், சரியானதா, ஐந்தும் ஒரே வரியில் இருக்கிறது. இதைக் கடிதத்தில் ஒரு வாக்கியமாகச் சொல்லிவிடுங்கள். அவர்கள் தாங்களாகக் கண்டுபிடித்துத் தவறாக எடைபோடுவதற்கு முன் அது அவர்கள் கையில் இருக்கட்டும்.

வரம்பையும் மறைக்க வேண்டாம். போனில் பேச முடியாது. நாலு பேர் ஒரே நேரத்தில் பேசும் காலைக் கூட்டத்தில் பாதி விஷயம் அவருக்குப் போய்ச் சேராது. இதை எழுதாமல் விட்டால் அவர்கள் இதைவிடப் பெரிதாகக் கற்பனை செய்துகொள்வார்கள். எழுதும்போது அதே வாக்கியத்திலேயே ஏற்பாட்டையும் எழுதுங்கள்: யார் செய்வது, எப்படி, ஏற்கெனவே நடக்கிறதா, இனிமேல்தான் செய்ய வேண்டுமா. நடக்காததை நடக்கிறது என்று எழுதிவிடாதீர்கள். ஒன்று பொய் என்று தெரிந்தால் முழுக் கடிதமும் போய்விடும்.

இவை எல்லாவற்றையும் வைத்து நான் எழுதிப் பார்த்த கடிதம் இது. அவர் சம்மதித்தால், உங்கள் பதிவேட்டோடு சரிபார்த்து, உங்கள் நடையில் மாற்றிக்கொள்ளுங்கள்.

"பொருள்: லைன் குவாலிட்டி சூப்பர்வைசர் பதவிக்கான பரிந்துரை.

கடந்த ஆறு வருடங்களாக இவர் என் நேரடிப் பொறுப்பில் பணிபுரிகிறார். தற்போது இரண்டு லைன்களுக்கு இன்லைன் க்யூசி. இவரை இந்தப் பதவிக்குப் பரிந்துரைக்கிறேன்.

இந்தப் பதவிக்கு முதலில் வேண்டியது, குறையை ஆரம்பத்திலேயே பிடித்து, லைனை நிறுத்தும் உறுதி. 3,000 பீஸ் குழந்தைகள் டி-ஷர்ட் ஆர்டரில், லைன் தொடங்கிய ஒரு மணி நேரத்தில் கழுத்து ரிப்பில் ஊசி ஓட்டையைக் கண்டுபிடித்து மெஷினை நிறுத்தினார். அதுவரை தைத்த 60 பீஸைத் தனியே பிரித்து, ஊசி மாற்றிச் சரிபார்த்த பிறகே மீண்டும் ஓட அனுமதித்தார். அந்த ஆர்டரின் கடைசி இன்ஸ்பெக்ஷனில் 125 பீஸில் மூன்று பெரிய குறைகளே வந்தன, அனுமதி ஏழு. பையரின் க்யூசியுடன் இவரே மேஜையில் நின்றார். ஒரு கறையின் வகை பற்றி எழுந்த கருத்து வேறுபாட்டைப் பையரின் குறைப் பட்டியலைக் காட்டித் தீர்த்தார்.

இவர் காது கேளாதவர். இவருடைய சம்மதத்துடன் இதைக் குறிப்பிடுகிறேன். தையல் தளத்தில் டெய்லர்களுடன் அட்டை, அம்பு ஸ்டிக்கர், பீஸ், சைகை ஆகியவற்றின் மூலம் வேலை நடத்துகிறார். இரண்டு லைன்களிலும் இதில் தடை ஏற்பட்டதில்லை. இவருடைய குறிப்புகள் சுருக்கமாக இருக்கும். சைகை மொழி இவருக்கு முதல் மொழி என்பதே காரணம். அவற்றின் பொருளில் எனக்கு ஐயம் வந்ததில்லை. போன் அழைப்புகளுக்குப் பதிலாக வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பும் வழக்கம் எங்கள் பிரிவில் ஏற்கெனவே உள்ளது. அவசர அழைப்பை லைன் ரைட்டர் எடுத்து எழுதிக் காட்டுகிறார். புதிய பதவியில் இரண்டு ஏற்பாடுகள் தேவைப்படும். காலைக் கூட்டத்தின் விவரங்களை முன்கூட்டியே போர்டில் எழுதி, ஒருவர் பின் ஒருவராகப் பேச வேண்டும். இவர் பணிபுரியும் இடத்தில் தீ எச்சரிக்கை மணியுடன் மின்னும் விளக்கும் பொருத்த வேண்டும். முதலாவதை நான் பொறுப்பேற்றுச் செய்கிறேன்.

நான்கு செக்கர்களை நிர்வகிக்கும் பொறுப்பு இவருக்குப் புதியது. மூன்று புதிய செக்கர்களுக்கு இவரே வேலை கற்றுக்கொடுத்திருக்கிறார். விடுப்பு, வேலைப் பங்கீடு ஆகியவற்றில் முதல் மூன்று மாதம் நான் துணையாக இருப்பேன்."

கடைசிப் பத்தியைப் பார்த்துத் தயங்காதீர்கள். காது கேட்பவருக்கு எழுதினாலும் இந்தப் பத்தியை நான் வைப்பேன். ஆட்களை நிர்வகித்த அனுபவம் இல்லை என்பது உண்மை, அதற்கும் காதுக்கும் சம்பந்தமில்லை. இரண்டையும் தனித்தனிப் பத்தியில் வைத்திருப்பதால் படிப்பவர்கள் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ள மாட்டார்கள். புதிய செக்கர்களுக்கு அவர் கற்றுக்கொடுத்ததாக ரிப்போர்ட்டின் ஓரத்தில் நீங்கள் பென்சிலில் குறித்திருந்ததைத்தான் எடுத்துக்கொண்டேன், எண்ணிக்கையைச் சரிபாருங்கள்.

சட்டத்தைக் கடிதத்தில் கொண்டுவர வேண்டுமா என்று யோசிப்பீர்கள். என் கருத்தில் வேண்டாம். பரிந்துரைக் கடிதத்தில் பிரிவு எண்ணைக் கண்டவுடன் படிப்பவர்கள் வேலையை மறந்துவிட்டு, மிரட்டுகிறாரோ என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவார்கள். ஆனால் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இன் 20-ஆம் பிரிவு, மாற்றுத்திறனை மட்டும் காரணம் காட்டிப் பதவி உயர்வை மறுக்கக் கூடாது என்கிறது. அந்தப் பிரிவு அரசு நிறுவனங்களைப் பற்றியது. உங்களுக்கு நேரடியாகப் பயன்படுவது 21-ஆம் பிரிவு. சமவாய்ப்புக் கொள்கையை எழுதி வெளியிடும் கடமை தனியார் நிறுவனங்களுக்கும் உண்டு. 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனத்தின் கொள்கையில் என்னென்ன இருக்க வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. துணைக் கருவிகள், தடையற்ற சூழல், பொறுப்பு அலுவலர் நியமனம் ஆகியவற்றோடு பதவி உயர்வுக்கு முந்தைய பயிற்சியும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. எச்.ஆரிடம் அந்தக் கொள்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். ஏற்றுமதி கம்பெனி என்பதால் பையரின் சமூகத் தணிக்கைக்காகவே கோப்பில் வைத்திருக்க வாய்ப்பு அதிகம். மின்னும் விளக்கையும் செக்கர்களை நிர்வகிக்கும் பயிற்சியையும் அதன் அடிப்படையில் தனிக் கடிதமாகக் கேட்கலாம்.

நேர்காணலையும் சேர்த்து யோசியுங்கள், ஏனென்றால் நல்ல கடிதம் கையில் இருந்தும் அங்கே கோட்டைவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ஐந்து பேர் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து மாறி மாறிக் கேட்டால், அடுத்த கேள்வி யார் வாயிலிருந்து வருகிறது என்று தேடுவதிலேயே அவருக்கு நேரம் போய்விடும். கேள்விகளை எழுதிக் கொடுப்பதா, சைகை மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று அவரிடம் கேளுங்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றால் கலெக்டர் அலுவலகத்தில் இருக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலோ, பக்கத்தில் உள்ள காது கேளாதோர் பள்ளியிலோ விசாரியுங்கள். கம்பெனியில் யாருக்கோ கொஞ்சம் சைகை தெரியும் என்று அவரை உட்கார வைக்க வேண்டாம். பதிலில் பாதி அவருடையதாகிவிடும். வாய்ப்பிருந்தால் நேர்காணலில் ஒரு பகுதியை மேஜையிலேயே வைக்கச் சொல்லுங்கள்: பத்து பீஸ், ஒரு அளவுத்தாள், ஒரு டேப், இருபது நிமிடம். விண்ணப்பித்திருக்கும் எல்லோருக்கும் அதே பத்து பீஸ். அவருக்கு மட்டும் தனித் தேர்வு என்றால் அது வேறு பேச்சாகிவிடும்.

கடிதத்தை எச்.ஆருக்கு அனுப்புவதற்கு முன் அவரிடம் படிக்கக் கொடுங்கள். கையில் பேனாவும் கொடுங்கள். அந்த 60 பீஸ் கணக்கில் திருத்தம் சொல்வார் என்று நினைக்கிறேன், ரிப்போர்ட்டில் ஓர் இடத்தில் 60, இன்னோர் இடத்தில் 62 என்று இருக்கிறது.